ஜவுளிக் கடையின் விளம்பரச் செலவும் விற்பனையும்: ஒரு வருடக் கணக்கை ரிக்ரஷனில் போட்டுப் பார்த்தோம்

தர்மபுரியில் என் தாய்மாமா ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். ஆட்டோ மைக், ஃப்ளெக்ஸ், பேப்பருக்குள் வைக்கும் நோட்டீஸ், லோக்கல் கேபிளில் ஓடும் விளம்பரம் என்று மாதாமாதம் ஒரு தொகை போய்க்கொண்டே இருக்கிறது. "கொடுக்கிற காசு திரும்பி வருதா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு மாப்ள" என்றார். கேள்வி நேரானது. அதற்கு எக்செல் தந்த முதல் விடை, ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு 32 ரூபாய் விற்பனை. அந்த 32 எப்படி வந்தது, அதை ஏன் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, பிறகு எப்படிச் சோதித்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, கணக்கை ஒழுங்காக எடுப்பது. விற்பனை டேலியில் பில் தேதிப்படி இருந்தது. திரும்பி வந்த சரக்கைக் கழித்து, ஜிஎஸ்டியை நீக்கி எடுத்துக்கொண்டேன். விளம்பரச் செலவில்தான் சிக்கல். ஃப்ளெக்ஸ் அடித்தவருக்கு அக்டோபர் வேலைக்கான பணம் நவம்பரில்தான் போயிருக்கும், கேபிள்காரருக்கு இரண்டு மாதம் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். பணம் கொடுத்த தேதியை வைத்துப் போட்டால், தீபாவளி விளம்பரம் தீபாவளி முடிந்த மந்த மாதத்தில் போய் உட்காரும். அதனால் ஒவ்வொரு வவுச்சரையும் எடுத்து, விளம்பரம் ஓடிய மாதத்தில் எழுதினேன். மொத்த வேலையில் பாதி நேரம் இதற்கே போனது. இதைச் செய்யாமல் ரிக்ரஷன் கோடு, அதாவது மாதப் புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் போகும் நேர்கோடு, போடுவதில் அர்த்தமே இல்லை.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, முழு எண்களாக மாற்றிய கணக்கு இது. விளம்பரம் ஆயிரத்தில், விற்பனை லட்சத்தில்.

| மாதம் | விளம்பரம் (ஆயிரம் ரூ.) | விற்பனை (லட்சம் ரூ.) |
|---|---|---|
| ஏப்ரல் | 20 | 17 |
| மே | 15 | 18 |
| ஜூன் | 10 | 14 |
| ஜூலை | 40 | 19 |
| ஆகஸ்ட் | 45 | 22 |
| செப்டம்பர் | 15 | 14 |
| அக்டோபர் | 90 | 42 |
| நவம்பர் | 20 | 15 |
| டிசம்பர் | 25 | 17 |
| ஜனவரி | 60 | 30 |
| பிப்ரவரி | 10 | 18 |
| மார்ச் | 10 | 14 |

விளம்பரம் B நெடுவரிசையிலும் விற்பனை C நெடுவரிசையிலும் இருந்தால், நான்கு வரி போதும்:

```
=SLOPE(C2:C13, B2:B13)       0.319
=INTERCEPT(C2:C13, B2:B13)   10.44
=CORREL(C2:C13, B2:B13)      0.954
=RSQ(C2:C13, B2:B13)         0.910
```

விற்பனையை முதலில் கொடுக்க வேண்டும், விளம்பரத்தை இரண்டாவதாக. வரிசை மாறினால் சாய்வு 0.319-க்குப் பதில் 2.854 என்று வரும். ஆனால் கடைசி இரண்டு வரிகளில் எந்த மாற்றமும் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதுவே முக்கியமாகப் போகிறது.

சாய்வைப் படிக்கும்போது அலகைச் சேர்த்தே படிக்க வேண்டும். 0.319 என்பது, விளம்பரம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்த மாதத்தில் விற்பனை சராசரியாக 0.319 லட்சம், அதாவது ஏறக்குறைய 32,000 ரூபாய் கூடுதலாக இருந்தது என்கிறது. ரூபாய்க்கு 32 ரூபாய் என்பது இப்படி வந்ததுதான். 'கூடுதலாக இருந்த மாதத்தில்' என்று எழுதியிருக்கிறேன், 'கூட்டினால்' என்று எழுதவில்லை. கணக்கு சொல்வது முதலாவதை மட்டும். வெட்டு 10.44 என்பதை, விளம்பரமே இல்லாவிட்டால் பத்தரை லட்சம் விற்கும் என்று படிக்கத் தோன்றும். ஆனால் விளம்பரமே இல்லாத மாதம் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை, குறைந்தது 10,000. கோட்டை இடப்பக்கம் நீட்டிக் கிடைத்த எண் அது, அவ்வளவுதான்.

ஆர் ஸ்கொயர் 0.91. இதைக் கையாலேயே போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். விளம்பரக் கணக்கே நம்மிடம் இல்லை என்று வையுங்கள். எந்த மாதத்தைக் கேட்டாலும் சராசரியான 20 லட்சத்தைத்தான் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு தவறுகிறோம் என்று பார்த்து, அதை வர்க்கம் செய்து கூட்டினால் 748 வருகிறது. சராசரிக்குப் பதில் கோடு சொல்லும் எண்ணைச் சொன்னால் அதே கூட்டுத்தொகை 68-க்கு இறங்குகிறது. 748-இல் 680 குறைந்துவிட்டது, அதாவது 91 சதவீதம். விற்பனை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதில் 91 சதவீதம், விளம்பரச் செலவின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து நகர்கிறது. இதைத்தான் 'விளக்கப்பட்ட மாறுபாடு' என்கிறார்கள். விற்பனையில் 91 சதவீதம் விளம்பரத்தால் வந்தது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அது முழுத் தவறு. இங்கே பேசப்படுவது ஏற்ற இறக்கம், விற்பனைத் தொகை அல்ல. 'ஆல்' என்ற வேற்றுமைக்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை.

நெடுவரிசையை மாற்றிக் கொடுத்தாலும் ஆர் ஸ்கொயர் மாறாது என்றேன் அல்லவா? விளம்பரம் விற்பனையை 91 சதவீதம் விளக்குகிறது என்றால், விற்பனையும் விளம்பரத்தை அதே 91 சதவீதம் விளக்குகிறது. எது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்ற தகவல் இந்த எண்ணுக்குள் இல்லை. அதை வெளியிலிருந்து, கடை நடக்கும் விதத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

மாமாவிடம் கேட்டேன்: "மாசம் எவ்வளவு விளம்பரத்துக்குன்னு எப்படி முடிவு பண்றீங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "தீபாவளின்னா கூட்டம் வரும், அதுக்குத் தகுந்த மாதிரி அள்ளி விடுவோம். ஆனி, புரட்டாசின்னா கையைக் கட்டிக்குவோம்." விஷயம் இதில் முடிந்துவிடுகிறது. எதிர்பார்க்கும் விற்பனையைப் பார்த்து விளம்பரத் தொகை முடிவாகிறது. 2024 தீபாவளி அக்டோபர் 31. அதனால் அந்த வருடம் தீபாவளி வியாபாரம் முழுக்க அக்டோபரிலேயே விழுந்தது, விளம்பரமும் அங்கேயே விழுந்தது. 2023 தீபாவளி நவம்பர் 12. அந்த வருடக் கணக்கை எடுத்தால் இரண்டும் சேர்ந்து நவம்பர் பக்கம் நகர்ந்திருக்கும். பண்டிகை ஒன்று, அது இரண்டு நெடுவரிசைகளையும் ஒரே நேரத்தில் தூக்குகிறது. ஆட்டோ மைக் ஓடாவிட்டாலும் தீபாவளிக்கு மக்கள் துணி எடுப்பார்கள். நம் கடையில் எடுப்பார்களா, பக்கத்துக் கடையில் எடுப்பார்களா என்பதில்தான் விளம்பரத்துக்கு வேலை. அந்தப் பங்கு எவ்வளவு என்று இந்தக் கோட்டால் பிரித்துக் காட்ட முடியாது.

விளம்பரம் கிடையான அச்சிலும் விற்பனை செங்குத்து அச்சிலும் இருக்குமாறு புள்ளிகளைப் போட்டுப் பார்த்ததும் இது கண்ணுக்கே தெரிந்தது. பெரும்பாலான மாதங்கள் கீழே இடது மூலையில் குவிந்து கிடக்க, அக்டோபர் மட்டும் மேலே வலது மூலையில் தனியாக நின்றது. சாய்வைக் கணக்கிடும்போது ஒவ்வொரு மாதமும் விளம்பரமும் விற்பனையும் தத்தம் சராசரியிலிருந்து விலகும் அளவுகளைப் பெருக்கிக் கூட்டுகிறோம். அந்தக் கூட்டுத்தொகை 2135. அதில் 1320 அக்டோபர் என்ற ஒரே மாதத்தினுடையது. அந்த ஒரு மாதத்தை நீக்கிவிட்டுப் போட்டால் சாய்வு 0.25-க்கும், ஆர் ஸ்கொயர் 0.79-க்கும் இறங்குகிறது. பிரான்சிஸ் ஆன்ஸ்கம்ப் 1973-இல் நான்கு சிறிய தரவுத் தொகுதிகளைக் காட்டினார். நான்கிலும் சாய்வு, வெட்டு, ஆர் ஸ்கொயர் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே, படமாகப் போட்டால் நான்கும் நான்கு விதம். அவற்றில் ஒன்றில், ஒரே ஒரு புள்ளிதான் கோட்டையே தீர்மானிக்கிறது. நம் அக்டோபர் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் பாரம் அதன் மேல்தான் இருக்கிறது.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோடு சொன்ன எண்ணுக்கும் உண்மையான விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதவாரியாக எழுதிப் பார்த்தேன்.

```
=C2-(10.44+0.319*B2)
```

இதை D நெடுவரிசையில் கீழே வரை இழுத்தால் மிச்சங்கள் வந்துவிடும். பிப்ரவரியில் கோடு சொன்னது 13.6 லட்சம், விற்றது 18. விளம்பரம் வெறும் பத்தாயிரம்தான், ஆனாலும் நாலு லட்சத்துக்கு மேல் கூடுதல். மே மாதமும் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் கூடுதல். எதிர்ப்பக்கம் ஜூலையில் நாலு லட்சத்துக்கு மேல் குறைவு, ஆகஸ்டில் ஏறக்குறைய மூன்று லட்சம் குறைவு. செப்டம்பரும் டிசம்பரும் லட்சத்துக்கு மேல் குறைவு.

இந்த மாதங்களைத் தமிழ் மாதங்களாக மாற்றிப் படித்தால் உடனே பிடிபடும். பிப்ரவரியின் முதல் பாதி தை, மே மாதப் பின்பாதி வைகாசி: முகூர்த்த மாதங்கள். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு ஆட்டோ மைக் தேவையில்லை, அவர்களுக்குக் கடை ஏற்கெனவே தெரியும், ஒரு குடும்பம் வந்தாலே பில் பெரிதாகும். ஜூலைப் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை ஆடி. செப்டம்பர் பாதியில் புரட்டாசி, டிசம்பர் பாதியில் மார்கழி. மூன்றிலும் முகூர்த்தம் கிடையாது. ஆடிக்கு மைக், ஃப்ளெக்ஸ் எல்லாம் வைத்துத் தள்ளுபடி போட்டும், கோடு எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. தள்ளுபடியால் பில் தொகையும் சுருங்கியிருக்கும். ஆக, விளக்கப்படாமல் கிடந்த அந்த 9 சதவீதத்துக்குள்ளும் முகூர்த்தம் என்ற ஒரு காரணம் தெளிவாகத் தெரிந்தது. மிச்சங்கள் காலண்டரோடு சேர்ந்து ஏறி இறங்கினால், காலண்டரில் இருக்கும் ஏதோ ஒன்றை மாடலில் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஆர் ஸ்கொயர் 91 என்று பார்த்ததும் எக்செலை மூடியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

பண்டிகையின் கையை விலக்கிப் பார்க்க எளிய வழி, பண்டிகை மாதங்களைத் தள்ளிவைப்பது. தீபாவளி அக்டோபர், பொங்கல் ஜனவரி, ஆடித் தள்ளுபடி ஓடிய ஜூலை, ஆகஸ்ட் ஆகிய நாலையும் எடுத்துவிட்டு, மீதி எட்டு மாதங்களுக்கு மட்டும் கோடு போட்டேன். சாய்வு 0.093, ஆர் ஸ்கொயர் 0.08. அதாவது 91 சதவீதம் 8 சதவீதமாகிவிட்டது. ரூபாய்க்கு 32 என்றது 9 என்று சுருங்கியது, அந்த 9-ஐயும் நம்ப முடியாது. எட்டே புள்ளிகள், தற்செயலால் மட்டும் சாய்வு எவ்வளவு அசையலாம் என்பதன் அளவான திட்டப்பிழை 0.125, சாய்வை விடவே பெரியது. உண்மையான சாய்வு பூஜ்யமாக இருந்தாலும் இப்படி ஒரு எண் வரலாம்.

இதை வைத்து 'விளம்பரம் வேலை செய்யவில்லை' என்று சொல்லிவிடவும் கூடாது. இந்த எட்டு மாதங்களில் விளம்பரம் பத்தாயிரத்துக்கும் இருபத்தைந்தாயிரத்துக்கும் நடுவேதான் அசைந்தது. அசைவு குறைவாக இருந்தால், விளைவு இருந்தாலும் முகூர்த்தம், மழை, சம்பளத் தேதி ஆகியவற்றின் இரைச்சலில் அது தெரியாது. இருக்கும் கணக்கிலிருந்து எடுக்க முடிந்தது இவ்வளவுதான்.

மாமாவுக்கு 32 என்ற எண்ணை விட மனம் வரவில்லை. "கணக்குல வந்தது பொய்யா?" என்றார். அவருக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கோடு உண்மையிலேயே காரணத்தைச் சொல்கிறது என்றால், ஜூன் மாதம் வழக்கமான பத்தாயிரத்தோடு ஒரு லட்சம் சேர்த்து விளம்பரம் செய்தால், 10.44-ஓடு 110 பெருக்கல் 0.319-ஐக் கூட்டி, 45 லட்சத்துக்கு மேல் விற்க வேண்டும். தீபாவளி மாதத்தை விட அதிகம், அதுவும் பள்ளி திறந்து, ஃபீஸ் கட்டிக் கை காலியாக இருக்கும் மாதத்தில். ஜூன் மாதம் எப்படிப் போகும் என்று முப்பது வருடமாகப் பார்த்தவர் அவர். "அது நடக்காது" என்றார், விளக்கம் எதுவும் கேட்காமல்.

சரி, அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது? விளம்பரம் எப்போது, எங்கே போகிறது என்பதை எதிர்பார்ப்பு முடிவு செய்யும் வரை காரணத்தைப் பிரிக்க வழியில்லை. அந்த முடிவை எதிர்பார்ப்பின் கையிலிருந்து எடுத்து, தற்செயலின் கையில் கொடுக்க வேண்டும். வயல்களில் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும் என்று ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் ராதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் வற்புறுத்தியது இதே காரணத்துக்காகத்தான். பண்டிகை விளம்பரத்தைக் குலுக்கலில் விட மாமா சம்மதிக்க மாட்டார், அதைக் கேட்கவும் இல்லை. ஆட்டோ மைக்கை மட்டும் கேட்டேன், கொடுத்தார்.

கடையில் பில் போடும்போது ஊரைக் கேட்டுப் பதிவது பழக்கம். அது பெரிய வசதியாக அமைந்தது. பென்னாகரம் பக்கம், பாலக்கோடு பக்கம் என்று இரண்டு வழிகளைப் பிரித்துக்கொண்டோம். ஏப்ரல் நடுவில் தொடங்கிப் பத்து வாரம். ஒவ்வொரு வாரமும் பூவா தலையா போட்டு, பூ விழுந்தால் ஆட்டோ பென்னாகரம் பக்கம், தலை விழுந்தால் பாலக்கோடு பக்கம். வாரத்துக்கு இரண்டு நாள், வண்டி வாடகை, டிரைவர், மைக் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய். இரண்டு பக்கத்துக்கும் மைக் அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டோம், அனுமதி இருக்கும் பக்கமாகப் பார்த்துப் போகும் நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காக. டிரைவர் அண்ணன், "சந்தை நாள்ல சந்தை இருக்கிற பக்கம் போனா நாலு பேர் காதுல விழுமே" என்றார். வியாபாரத்துக்கு அவர் சொன்னது சரி. சோதனைக்கு அதுதான் விஷம்: சந்தை நாளில் அந்தப் பக்கத்து ஆட்கள் எப்படியும் கூடுதலாக டவுனுக்கு வருவார்கள், அந்தப் பெருமையை ஆட்டோ எடுத்துக்கொள்ளும். அதனால் நாணயம் சொன்ன பக்கம்தான், நாளும் மாறாது என்று உறுதியாக இருந்தோம்.

பத்து வாரம் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தோம். ஆட்டோ போகாத வாரங்களில் ஒரு பக்கத்து ஊர்களின் பில் தொகை சராசரியாக 53,000. ஆட்டோ போன வாரங்களில் 62,000. வித்தியாசம் 9,000. ஒரே பக்கத்தில் வாரத்துக்கு வாரம் பன்னிரண்டாயிரம் அளவுக்குத் தானாகவே ஏறி இறங்குவதால், அந்த ஒன்பதாயிரத்தின் திட்டப்பிழை ஐந்தரை ஆயிரம் வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு திட்டப்பிழை அளவு விட்டுப் பார்த்தால், உண்மையான விளைவு பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்து இருபதாயிரம் வரை எங்கும் இருக்கலாம். பத்து வாரத்தில் இதற்கு மேல் துல்லியம் கிடைக்காது.

ஆனால் மாமாவின் கேள்விக்கு இதுவே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. ரூபாய்க்கு 32 என்பது உண்மையானால், 3,000 ரூபாய்க்கு 96,000 கூடுதல் விற்பனை வந்திருக்க வேண்டும், அந்தப் பக்கத்தின் மொத்த வார விற்பனையை விட அதிகம். அது பூ, தலை எந்த வாரத்திலும் கண்ணில் தப்பியிருக்காது. ஆகவே 32 கிடையாது. நடு மதிப்பான 9,000-ஐ எடுத்தால் ரூபாய்க்கு 3. கொள்முதல் விலை போக நூற்றுக்கு இருபது நிற்கும் கடையில், 9,000 விற்பனைக்கு 1,800 ரூபாய் நிற்கும், செலவு 3,000. கட்டுப்படியாகவில்லை. விளைவு மேல் எல்லையான இருபதாயிரமாகவே இருந்தாலும் 4,000 நின்று, ஆயிரம்தான் மிஞ்சும்.

இந்தச் சோதனை ஆட்டோ மைக்கை மட்டும், சாதாரண வாரங்களில் மட்டும் சோதித்தது. அந்த வாரமே வந்து வாங்கியவர்களைத்தான் எண்ணியது. மைக்கில் கேட்ட பெயரை மனதில் வைத்து ஆறு மாதம் கழித்துக் கல்யாண ஜவுளிக்கு வருகிறவர் இதில் வரமாட்டார். பென்னாகரம் போகும் வழியில் மைக்கைக் கேட்ட பாலக்கோட்டுக்காரர் கடைக்கு வந்திருந்தால், அது வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்கும். தீபாவளி விளம்பரத்தைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை.

மாமா சாதாரண மாதங்களில் ஆட்டோவை வாரம் இரண்டு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைத்திருக்கிறார். பக்கத்தை இன்னமும் நாணயம்தான் முடிவு செய்கிறது, வாரங்கள் சேரச் சேரத் திட்டப்பிழை குறையும் என்பதால். கணக்கு நோட்டில் மூன்று நெடுவரிசைகள் புதிதாகச் சேர்த்திருக்கிறோம்: அந்த மாதத்தில் எத்தனை முகூர்த்த நாள், விளம்பரம் ஓடிய தேதி, அந்தச் செலவை அப்போது செய்ய முடிவெடுத்த காரணம். மூன்றாவதை மாமாவே கைப்பட எழுதுகிறார். முதல் பக்கத்தில் 'கூட்டம் வரும் என்பதால்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார், அந்த இரண்டையும் அடுத்த கோட்டில் சேர்க்கப் போவதில்லை.